ஒன்றரை மணி நேர வேலைக்கு ஆளைக் கூப்பிடலாமா? ஷிப்டுக்கு ஒரு குறைந்தபட்ச நேரம் வைப்பது பற்றி

கடையில் மதியம் 12 மணியிலிருந்து ஒன்றரை வரைதான் கூட்டம். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் போதும். அதனால் பார்ட் டைம் பையனுக்கு "நாளைக்கு 12 to 1.30 வர முடியுமா" என்று ஒரு மெசேஜ் போடுகிறார் மேனேஜர். கடையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் தப்பே தெரியாது. வேலை ஒன்றரை மணி நேரம், சம்பளமும் ஒன்றரை மணி நேரம், கணக்கு சரியாக இருக்கிறதே என்றுதான் தோன்றும்.

அதையே அந்தப் பையன் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். கணக்குக்கு வசதியாக மணிக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கடைக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போக 50 நிமிடம், திரும்பி வர 50 நிமிடம், போக வர டிக்கெட் சுமாராக 10 டாலர். ஒன்றரை மணி நேரத்துக்கு 45 டாலர் கிடைக்கும், டிக்கெட் போனால் 35. ஆனால் அவன் செலவழித்த நேரம் ஒன்றரை மணி இல்லை, 3 மணி 10 நிமிடம். அப்படிப் பார்த்தால் மணிக்கு 11 டாலர்தான் தேறுகிறது. அதே பையனை 3 மணி நேரத்துக்குக் கூப்பிட்டிருந்தால் 90 டாலர், டிக்கெட் போக 80, செலவான நேரம் 4 மணி 40 நிமிடம், மணிக்கு 17 டாலர். சம்பள விகிதம் ஒரு சென்ட்கூட மாறவில்லை, ஷிப்டின் நீளம் மட்டும்தான் மாறியது. இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது, அது எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது: நடு மதியத்தில் இந்த ஒன்றரை மணி நேரத்தை ஒப்புக்கொண்டவன் அன்றைக்கு வேறு கடையில் 11 to 5 கிடைத்தாலும் போக முடியாது. குட்டி ஷிப்ட் ஒன்று முழு நாளையே அடைத்துக்கொள்கிறது.

இதைத் தடுக்கத்தான் குறைந்தபட்ச ஷிப்ட் நேரம் என்ற விதி. ஆட்டோவுக்கு மினிமம் சார்ஜ் இருப்பது மாதிரிதான்: ஏறி அடுத்த தெருவிலேயே இறங்கினாலும், வண்டியைக் கூப்பிட்டதற்கு ஒரு தொகை கொடுத்தே ஆக வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் இத்தனை மணி நேரமாவது வேலை கொடு, வேலை இல்லையென்றாலும் அத்தனை மணி நேரச் சம்பளம் கொடு. விதி அவ்வளவுதான். ஆனால் அதை எப்படி எழுதுகிறோம், எந்த எண்ணை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது உண்மையாகவே வேலை செய்யலாம், அல்லது காகிதத்தோடு நின்றுவிடலாம்.

நான் இதை ஆஸ்திரேலியாவை வைத்து விளக்குகிறேன். அங்கே இந்த விதி தொழில்வாரியாகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, அதன் மேல் ஒரு பெரிய சண்டையும் நடந்திருக்கிறது. நம் ஆட்கள் பலர் மெல்பர்னிலும் சிட்னியிலும் கடைகளிலும் முதியோர் பராமரிப்பிலும் கேஷுவலாகவோ, அதாவது நிலையான நேரம் இல்லாமல் கூப்பிடும்போது மட்டும் வருபவராகவோ, பார்ட் டைமாகவோ வேலை பார்ப்பவர்கள் என்பதும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவில் எப்படி இருக்கிறது

அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் "அவார்ட்" என்று ஒன்று உண்டு. பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தொழிலில் குறைந்தபட்சச் சம்பளம், ஓவர் டைம், இடைவேளை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டபூர்வ ஆவணம் அது. ஃபேர் வொர்க் கமிஷன் என்ற அமைப்பு அதை வகுக்கிறது. இப்போதைய அவார்டுகள் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தவற்றின் தொடர்ச்சி.

சில்லறைக் கடைகளுக்கான அவார்டில் பார்ட் டைம் ஆளாக இருந்தாலும் கேஷுவலாக இருந்தாலும் ஒரு தடவை கூப்பிட்டால் குறைந்தது 3 மணி நேரம். இந்த எண் எல்லாத் தொழிலுக்கும் ஒன்றல்ல. உணவகங்களில் கேஷுவல் ஆட்களுக்கு 2 மணி நேரம், ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் 3. ஆகவே "ஆஸ்திரேலியாவில் 3 மணி நேரம்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டாம், உங்கள் வேலை எந்த அவார்டில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்ல முடியும்.

கடை அவார்டில் ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: "தொடர்ச்சியாக" 3 மணி நேரம். இந்த வார்த்தை இல்லையென்றால் என்ன ஆகும்? காலையில் 7 to 8.30, பிறகு வீட்டுக்குப் போ, மதியம் 12 to 1.30 திரும்ப வா, மொத்தம் 3 மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். அந்த ஆளின் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டரைக்கு முடியும், கையில் வருவது 3 மணி நேரச் சம்பளம். நடுவில் இருந்த மூன்றரை மணி நேரத்தை அவர் என்ன செய்வார்? தொடர்ச்சியாக என்று எழுதியிருப்பதால் இந்த வழி அடைபடுகிறது. யாராவது சொந்தக் கடைக்கு இப்படி ஒரு விதி எழுதுவதாக இருந்தால், எண்ணை விட இந்த ஒரு வார்த்தையைத்தான் முதலில் எழுதச் சொல்வேன்.

வீட்டுப் பராமரிப்பிலும் மாற்றுத்திறனாளிகள் சேவையிலும் நிலைமை வேறு. காலையில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட அரை மணி, மாலையில் இன்னொருவருக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்க வைக்க முக்கால் மணி, வேலையே அப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். அங்கே தொடர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்தால் வேலையே நடக்காது. அதனால் அந்த அவார்ட் உடைந்த ஷிப்டை அனுமதிக்கிறது, ஆனால் 2022 ஜூலை 1 முதல் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் குறைந்தது 2 மணி நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஷிப்டை உடைத்ததற்குத் தனியாக ஒரு படியும் உண்டு. அதற்கு முன்னால் வீட்டுப் பராமரிப்பில் கேஷுவலுக்கு 1 மணி நேரம்தான் குறைந்தபட்சம், பார்ட் டைம் ஆட்களுக்கு அதுவும் கிடையாது. அரை மணி நேர வேலைக்காகக் காரை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், துண்டாக வேலை கொடுப்பதை அது தடை செய்யவில்லை. துண்டாக்குவதற்கு ஒரு விலை வைத்தது. விலை வந்தவுடன் அந்த அரை மணி நேர வேலையையும் அதே தெருவில் இருக்கும் இன்னொரு அரை மணி நேர வேலையையும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துக் கொடுக்க ஏஜென்சிக்குக் காரணம் கிடைக்கிறது.

கூப்பிட்டு அனுப்பிவிடுவது ஒன்று, குட்டியாகவே கூப்பிடுவது இன்னொன்று

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று விளங்கும், ஸ்கார்பரோ பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு "மூன்று மணி நேர விதி" என்பது பழக்கமான பேச்சு. அங்கே விதி இது: வழக்கமாக ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கும் ஒருவரை வரச் சொல்லிவிட்டு, அவரும் வேலைக்குத் தயாராக இருந்தும், 3 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டால், 3 மணி நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும். தீ, புயல், மின்தடை மாதிரி முதலாளியின் கையில் இல்லாத காரணத்தால் வேலை நின்றால் இது பொருந்தாது.

நல்ல விதிதான். ஆனால் "வழக்கமாக 3 மணி நேரத்துக்கு மேல்" என்ற வரியைத் திரும்பப் படியுங்கள். ஒருவருக்கு எப்போதுமே 2 மணி நேர ஷிப்ட்தான் போடுகிறார்கள் என்றால் அவர் இந்த விதிக்குள் வரவே மாட்டார். ஒன்டாரியோ விதி காப்பது, 6 மணி நேரம் என்று நம்பி வந்தவனை ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பும் அநியாயத்திலிருந்து. ஆஸ்திரேலியக் கடை அவார்ட் காப்பது, முதலிலேயே ஒன்றரை மணி நேரம் என்று ரோஸ்டர், அதாவது ஷிப்ட் அட்டவணை, எழுதுவதிலிருந்தும்தான். நீங்கள் ஒரு இடத்தில் வேலைக்குச் சேரும்போதோ, உங்கள் கடைக்கு விதி எழுதும்போதோ, இந்த இரண்டில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் வேண்டும்.

டெராங் ஊர் மாணவர்கள்

இப்போது இந்த விதியின் மறுபக்கம். விக்டோரியா மாநிலத்தின் மேற்கே டெராங் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 2,000 பேர்தான். அங்கே ஒரு கூட்டுறவு ஹார்ட்வேர் கடை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பள்ளி விட்டதும் 4 மணி வாக்கில் வருவார்கள், கடை ஐந்தரைக்கு மூடிவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் வேலை செய்து கைச்செலவுக்குச் சம்பாதித்துக்கொள்வார்கள். 2010-ல் புதிய அவார்ட் வந்து 3 மணி நேரம் குறைந்தபட்சம் என்று சொன்னது. பள்ளி விட்ட நேரத்துக்கும் கடை மூடும் நேரத்துக்கும் நடுவில் 3 மணி நேரமே இல்லை. ஒன்றரை மணி நேர வேலைக்கு 3 மணி நேரச் சம்பளம் கொடுக்கக் கடை தயாராக இல்லை, பிள்ளைகளின் வேலை போயிற்று. இது நாடு முழுக்கச் செய்தியானது.

கடைக்காரர்களின் சங்கம் குறைந்தபட்சத்தைக் குறைக்கக் கேட்டு மனு போட்டது, 2010-ல் அது ஏற்கப்படவில்லை. திரும்பவும் போட்டார்கள். 2011-ல் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் என்று ஒரு விலக்கு கிடைத்தது. கடை ஊழியர் தொழிற்சங்கம் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது, ஆனாலும் விலக்கு நிலைத்துவிட்டது.

இதில் தொழிற்சங்கத்தின் பயம் வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு யாரையும் கூப்பிடலாம் என்று திறந்துவிட்டால், மாலை 4 to 7 வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் ஷிப்டை இரண்டாக வெட்டி இரண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிட முடியும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் நிலைமையும் உண்மை. கடைசியில் வந்த விலக்கு எவ்வளவு குறுகலாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஆள் முழுநேர உயர்நிலைப் பள்ளி மாணவராக இருக்க வேண்டும். பள்ளி இருக்கும் நாளாக இருக்க வேண்டும், நேரம் மாலை 3 மணிக்கும் ஆறரைக்கும் நடுவில். மாணவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மேல், கடையின் தேவை காரணமாகவோ மாணவருக்கு நேரம் இல்லாததாலோ அதைவிட நீளமான ஷிப்ட் சாத்தியமே இல்லை என்ற நிலை இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை இந்த விலக்கு செல்லாது. பள்ளி விடுமுறையில் செல்லாது. பல்கலைக்கழக மாணவருக்குச் செல்லாது, இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாற்றப்படுகிறார்கள். "ஸ்டூடன்ட் தானே, ஒன்றரை மணி நேரம் போடலாம்" என்று உங்களிடம் யாராவது சொன்னால், நீங்கள் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர் என்றால், அந்த விலக்கு உங்களுக்கானது அல்ல.

ஒரு கடையின் ரோஸ்டரை எடுத்துப் பார்ப்போம்

சரி, 3 மணி நேரம் என்று வைத்தாயிற்று, கடைக்காரர் என்ன செய்வது? மெல்பர்னில் டாண்டெனாங் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை என்று கற்பனை செய்துகொள்வோம். இலங்கை, இந்தியச் சாமான்கள், கொஞ்சம் காய்கறி, மதியம் ரோல்ஸ், வடை, கட்லட் மாதிரி ஷார்ட் ஈட்ஸ். முதலாளியும் அவர் மனைவியும் நாள் முழுக்கக் கடையில் இருக்கிறார்கள். கூடுதல் கை மூன்று நேரத்தில் தேவைப்படுகிறது: காலை 7 மணிக்குக் காய்கறி லாரி வரும், இறக்கி அடுக்க ஒன்றரை மணி நேரம். மதியம் 12-லிருந்து ஒன்றரை வரை ஷார்ட் ஈட்ஸ் கூட்டம். மாலை 5-லிருந்து 7 வரை வேலை முடிந்து வருபவர்களின் கூட்டம்.

விதி தெரியாமல் எழுதினால் மூன்று பேர், ஒன்றரை, ஒன்றரை, இரண்டு, ஆக மொத்தம் 5 மணி நேரம், மணிக்கு 30 டாலர் கணக்கில் 150. விதிப்படி இந்த மூவருக்கும் தலா 3 மணி நேரம் கொடுக்க வேண்டும், 9 மணி நேரம், 270 டாலர். இந்த 120 டாலர் வித்தியாசத்தைப் பார்த்தவுடன் "இந்தச் சட்டம் சின்னக் கடையைக் கொல்கிறது" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரோஸ்டரை அப்படியே வைத்துக்கொண்டு சட்டத்தை மட்டும் மேலே போட்டால்தான் 270 வருகிறது. ரோஸ்டரைத் திரும்ப எழுத வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, லாரி ஏன் 7 மணிக்கு வருகிறது? சப்ளையரிடம் பேசிப் பத்தரைக்கு வர வைக்க முடிந்தால், பத்தரையிலிருந்து 12 வரை இறக்கி அடுக்குவது, 12-லிருந்து ஒன்றரை வரை கவுன்டர். ஒரே ஆள், தொடர்ச்சியாக 3 மணி நேரம், ஒரு நிமிடம்கூட வீணில்லை. இரண்டு குட்டி ஷிப்ட் ஒரு நல்ல ஷிப்டாக மாறிவிட்டது. மாலைக்கு இன்னொருவர், 2 மணி நேரத்துக்குப் பதில் நான்கரையிலிருந்து ஏழரை வரை. முன்னால் அரை மணி நேரம் அலமாரியில் காலியான இடங்களை நிரப்புவது, பின்னால் அரை மணி நேரம் கூட்டிப் பெருக்கி, நாளைக்கு ஆர்டர் போட வேண்டியதை எழுதி வைப்பது. மொத்தம் 6 மணி நேரம், 180 டாலர். பழைய கணக்கை விட 30 டாலர்தான் அதிகம், அந்த 30 டாலருக்கும் வேலை நடந்திருக்கிறது.

சப்ளையர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? இது நடக்கும். மெல்பர்னின் மொத்தக் காய்கறிச் சந்தை எப்பிங்கில் இருக்கிறது, வியாபாரம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும், லாரிக்காரர் ஒரு சுற்றாகப் பல கடைகளுக்குப் போடுகிறார், உங்கள் கடை அந்தச் சுற்றில் எங்கே வருகிறதோ அங்கேதான். வெயில் காலத்தில் 40 டிகிரி அடிக்கும்போது கீரையைப் பத்தரை வரை லாரியில் வைத்திருப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. அப்படியென்றால் காலை ஷிப்டை 7 to 10 என்றே வைத்து, மீதி ஒன்றரை மணி நேரத்துக்கு வேலையைக் கொண்டு வர வேண்டும். கடையில் அந்த மாதிரி வேலை எப்போதும் இருக்கும், தேதி முடியப்போகும் பொருளைப் பார்த்து முன்னால் வைப்பது, விலைச் சீட்டு ஒட்டுவது, பருப்பையும் மசாலாவையும் பெரிய மூட்டையிலிருந்து சின்னப் பாக்கெட்டுக்கு மாற்றுவது, ஃபிரீசரைத் துடைப்பது. இதையெல்லாம் முதலாளி இரவு கடை மூடிய பிறகு தானே செய்துகொண்டிருப்பார், அதற்குச் சம்பளம் எழுதாததால் அது செலவாகக் கண்ணில் படாது. அப்போது மதியக் கூட்டத்தை முதலாளியும் மனைவியுமே சமாளித்துக்கொண்டு, ஷார்ட் ஈட்ஸை முன்கூட்டியே பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லலாம், அந்த வேலையைக் காலை ஆள் கிளம்பும் முன் முடித்துவிடுவார்.

மாலைக்குப் பக்கத்து வீட்டுப் பதினோராம் வகுப்புப் பையன் கிடைத்தால் மாணவர் விலக்கின் கீழ் 5-லிருந்து ஆறரை வரை வரலாம், கடைசி அரை மணி நேரக் கூட்டத்தை முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆறரைக்கு மேல் நிறுத்தினால் விலக்கின் வரம்பைத் தாண்டிவிடும். பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், அவனால் நான்கரைக்கே வந்து ஏழரை வரை இருக்க முடியும் என்றால் கடையும் அதற்கு ஏற்றபடி இருக்கிறது என்றால், 3 மணி நேர ஷிப்டே போடுங்கள், விலக்கின் நிபந்தனையும் அதைத்தான் சொல்கிறது.

ரோஸ்டரை ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதுபவர்கள் சம்பளத்துக்கான நேரத்தைக் கையால் திருத்த வேண்டாம், மறந்துவிடும். B2-ல் தொடங்கிய நேரம், C2-ல் முடித்த நேரம் என்றால், இந்த ஒரு வரி போதும்:

```
=IF(C2="",0,MAX(3,(C2-B2)*24))
```

ஆள் வராத நாளில் 0, வந்த நாளில் வேலை பார்த்த நேரம் அல்லது 3, எது அதிகமோ அது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கு இது சரியாக வராது, அது தனிக் கணக்கு.

விதி எங்கே உடைகிறது

நேரடியாக ஒன்றரை மணி நேரம் என்று எழுதி மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. உடைவது வேறு இடங்களில்.

அதிகம் நடப்பது மீட்டிங். "புதன்கிழமை 9 மணிக்கு எல்லோரும் அரை மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள், புது பில்லிங் மெஷினைக் காட்ட வேண்டும்." அன்றைக்கு ஷிப்ட் இல்லாதவரைக் கட்டாயமாக வரச் சொன்னால் அதுவும் கூப்பிட்டதுதான், குறைந்தபட்ச நேரச் சம்பளம் அதற்கும் உண்டு. சிலர் அரை மணி நேரச் சம்பளம் கொடுக்கிறார்கள், சிலர் அதையும் கொடுப்பதில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுப்பதோடு சரி. தீர்வு ரொம்ப எளிது: மீட்டிங்கை ஆட்கள் ஏற்கெனவே கடையில் இருக்கும் நேரத்தில், ஷிப்டின் தொடக்கத்தில் வையுங்கள், இரண்டு தடவையாக நடத்த வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், கூட்டம் இல்லை என்று சீக்கிரம் அனுப்புவது. 5 மணி நேரம் என்று வந்த கேஷுவலை ஒரு மணி நேரத்தில் அனுப்பினால் 3 மணி நேரச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். ஆனால் இந்த விதியின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. 3 மணி நேரம் முடிந்ததும் அனுப்பினால், குறைந்தபட்ச ஷிப்ட் விதி கேஷுவலுக்கு மேற்கொண்டு எதுவும் தராது. பார்ட் டைம் ஆளின் நிலை இதைவிட நல்லது, ஏனென்றால் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு என்று கடை அவரோடு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அந்த நேரத்தை முதலாளி தன் விருப்பத்துக்கு வெட்ட முடியாது. அதேபோல், முந்தின நாளே "வர வேண்டாம்" என்று ரத்து செய்தாலும் இந்த விதி உதவிக்கு வராது. வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதற்கும் இதில் உத்தரவாதம் கிடையாது. 3 மணி நேர ஷிப்ட் வாரத்துக்கு ஒன்றே ஒன்று கொடுத்தாலும் விதி மீறப்படவில்லை.

இன்னொரு சாக்கு, "அவனே 2 மணி நேரம் போதும் என்றான்" என்பது. ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும்போது உடம்பு சரியில்லை, பரீட்சை இருக்கிறது என்று ஆள் தானாகவே கேட்டுக் கிளம்புவது வேறு, அதை ஒரு மெசேஜில் பதிவு செய்து வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. ஆனால் முதலிலேயே "எனக்கு 2 மணி நேர ஷிப்ட் சம்மதம்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் அது செல்லாது. அவார்டில் உள்ள குறைந்தபட்சத்தை இரண்டு பேர் பேசிக் குறைத்துக்கொள்ள முடியாது. இது சரி என்றே நினைக்கிறேன். வேலை தேவைப்படுபவர் எதற்கும் சம்மதம் என்றுதான் சொல்வார், அந்தச் சம்மதத்தை வைத்து விதியைத் தளர்த்தினால் விதியே மிஞ்சாது.

எண்ணை எவ்வளவு வைப்பது என்ற கேள்வி, அவார்ட் இல்லாத நாட்டில் கடை வைத்திருப்பவருக்கு வரும், அல்லது அவார்டை விடக் கூடுதலாகக் கொடுக்க நினைப்பவருக்கு வரும். நான் பார்க்கும் வழி, உங்கள் ஆட்கள் வந்து போக ஆகும் நேரத்தைக் கேளுங்கள். போக வர 1 மணி 40 நிமிடம் ஆகிறவருக்கு 2 மணி நேர ஷிப்ட் என்றால் கிட்டத்தட்ட வேலை பார்க்கும் நேரமும் பயண நேரமும் சமம், அது நியாயமில்லை, 3 வேண்டும். எல்லோரும் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிறார்கள் என்றால் 2 மணி நேரம் போதுமானதாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் 4 என்று வைத்துவிட்டால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் டெராங்கில் நடந்தது போலச் சில வேலைகள் காணாமலே போகும், போகிறவை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் வேலையும், குழந்தையைப் பள்ளியில் விட்டு நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் வேலை பார்க்க முடிகிறவர்களின் வேலையும்தான். அவர்களுக்கு விலக்கு வேண்டுமென்றால் ஊழியர் கேட்டால் மட்டும், எழுத்தில், யாருக்கு எப்போது என்று தெளிவாக வையுங்கள். "தேவைப்பட்டால்" என்ற ஒரு சொல்லை உள்ளே விட்டால் எல்லா ஷிப்டும் விலக்காகிவிடும்.

உங்களுக்குச் சரியாகக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது

சம்பளச் சீட்டை எடுங்கள். ஆஸ்திரேலியாவில் சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சீட்டு கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான சீட்டுகளில் அந்த வாரத்தின் மொத்த மணி நேரம் மட்டும்தான் இருக்கும், நாள்வாரியாக இருக்காது, பிரச்சினை ஒளிந்திருப்பதும் அங்கேதான். செவ்வாய் 1.5, வியாழன் 3, சனி 6 என்றால் மொத்தம் 10.5 என்று வரும், அதைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் கூப்பிடப்பட்ட ஒவ்வொரு தடவையையும் தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம் என்று போனில் குறித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரமாவது வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். மேலே உள்ள வாரத்துக்கு 12 வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் குறைகிறது.

மேனேஜர் "நாளைக்கு 12 to 1.30" என்று போட்ட மெசேஜையும் ரோஸ்டர் போட்டோவையும் அழிக்காமல் வைத்திருங்கள். முதலில் கடையிலேயே கேளுங்கள், சம்பளக் கணக்கு போடுகிறவருக்கே விதி தெரியாமல் இருப்பது சர்வ சாதாரணம், பல இடங்களில் ஒரு ஈமெயிலோடு முடிந்துவிடும். முடியவில்லையென்றால் சம்பளப் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகம் இருக்கிறது, எண் 13 13 94. தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450-க்கு அழைத்து, தமிழ் வேண்டும் என்று சொல்லி, அங்கிருந்து இணைக்கக் கேட்கலாம். வேலையை விட்டு வந்த பிறகும் கேட்கலாம், 6 வருடம் வரை பின்னால் போய் நிலுவையைக் கோர முடியும், கடையும் நேரக் கணக்கை 7 வருடம் வைத்திருக்கக் கடமைப்பட்டது.